வளைவில் நிற்கும் மின்கம்பம் எந்தப் பக்கம் சாயும்?

தெரு நேராகப் போகும்வரை மின்கம்பத்துக்கு அதிகச் சிரமம் இல்லை. ஒரு பக்கத்து ஒயர்கள் எவ்வளவு இழுக்கின்றனவோ அதே அளவுக்கு எதிர்ப்பக்கத்து ஒயர்களும் இழுக்கும். நடுவில் நிற்கும் கம்பம் அவற்றின் எடையைச் சுமந்தால் போதும். தெரு திரும்பும் முக்கில்தான் வம்பு. அங்கே இரண்டு இழுப்பும் நேரெதிராக இல்லை. இரண்டும் சேர்ந்து கம்பத்தை வளைவின் உள்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும்.

அதைத் தடுக்கத்தான் முக்கில் நிற்கும் கம்பத்தின் மேற்பகுதியிலிருந்து தடித்த முறுக்குக் கம்பி ஒன்று சாய்வாகத் தரைக்கு இறங்குகிறது. மின்வாரிய ஊழியர்கள் அதை ஸ்டே என்பார்கள். சைக்கிள் சாய்த்து வைக்கவும் விளம்பரத் தட்டி கட்டவும் ஊரார் அதைப் பயன்படுத்துவது வேறு விஷயம். அது எப்போதும் வளைவின் வெளிப்பக்கமே இருக்கும். வெளிப்பக்கம் என்றால் சரியாக எந்தத் திசை? எத்தனை நியூட்டன் இழுப்பை அது தாங்கவேண்டும்? பள்ளிப் பாடத்தில் இரண்டு அம்புக்குறி வரைந்து ‘தொகுபயன் விசை காண்க’ என்று கேட்கிற கணக்கு இதுதான்.

ஒரு முக்கை எடுத்துக்கொள்வோம். மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு லைன் வருகிறது: மும்முனை மின்சாரத்துக்கு மூன்று ஒயர், நியூட்ரல் ஒன்று, தெருவிளக்குக்கு ஒன்று, ஆக ஐந்து. நம் கம்பத்தை எட்டியதும் லைன் இடதுபக்கமாக 60 பாகை திரும்புகிறது. திரும்பிய பின் இருப்பவை சில வீடுகள்தான். அதனால் அங்கே ஒருமுனை மின்சாரம் மட்டும் போகிறது: ஒரு ஃபேஸ், நியூட்ரல், தெருவிளக்கு என மூன்றே ஒயர். கணக்கு எளிதாக இருக்க ஒவ்வொரு ஒயரும் 1000 நியூட்டன் விசையுடன் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். அது சுமார் 102 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் இழுப்பு. ஆக, கம்பத்தின் மீது ஒரு பக்கம் 5000 நியூட்டன், மறுபக்கம் 3000 நியூட்டன்.

இனி படம். மேலிருந்து பார்ப்பதுபோல் தாளில் ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் கம்பம். 1000 நியூட்டனுக்கு 2 சென்டிமீட்டர் என்று அளவு வைத்துக்கொள்ளலாம். முதல் அம்பு 10 செ.மீ. நீளம். எந்தப் பக்கம் வரைவது? லைன் கிழக்கு நோக்கி ‘வருகிறது’ என்பதால் கிழக்கே வரையக் கை போகும். ஆனால் ஒயர் தள்ளாது, இழுக்க மட்டுமே செய்யும். மேற்கே இருக்கும் ஒயர்கள் கம்பத்தை மேற்கே தங்களிடம் இழுக்கின்றன. ஆகவே முதல் அம்பு மேற்கு நோக்கிப் போகவேண்டும். இரண்டாவது அம்பு 6 செ.மீ. நீளம், திரும்பிப் போகும் லைனின் திசையில், அதாவது கிழக்கிலிருந்து வடக்குப் பக்கமாக 60 பாகை. இரண்டு அம்புகளுக்கும் வால் ஒரே புள்ளியில். இப்போது பாகைமானியை வைத்து அம்புகளுக்கு இடையே உள்ள கோணத்தை அளந்தால் 60 வராது, 120 வரும்.

கொஞ்சம் நிதானிக்கவேண்டிய இடம் இது. சாலையில் நடப்பவருக்குத் திருப்பம் 60 பாகை, லைன் போடும் வரைபடத்திலும் அந்த எண்தான் குறிக்கப்பட்டிருக்கும். கம்பத்துக்கோ, தன்னை இழுக்கும் இரண்டு விசைகளுக்கு இடையே 120 பாகை. இரண்டையும் கூட்டினால் 180. கணக்குக்கு வேண்டியது இரண்டு வால்களும் சேரும் இடத்தில், இரண்டு அம்புகளும் புள்ளியைவிட்டு விலகிப் போகும்படி வரைந்தபின் இடையே கிடைக்கும் கோணம் மட்டுமே. படத்தில் வேறு எங்கே என்ன கோணம் எழுதியிருந்தாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

வரைந்த இரண்டு அம்புகளையும் பக்கங்களாகக் கொண்டு இணைகரத்தை முடியுங்கள். மேற்கு அம்பின் நுனியிலிருந்து இரண்டாவது அம்புக்கு இணையாக 6 செ.மீ., இரண்டாவது அம்பின் நுனியிலிருந்து முதல் அம்புக்கு இணையாக 10 செ.மீ. கோடுகள் சந்திக்கும் மூலைக்குக் கம்பப் புள்ளியிலிருந்து ஒரு மூலைவிட்டம் வரைந்தால் அதுதான் தொகுபயன் விசை. அளந்தால் 8.7 செ.மீ. இருக்கும். 2 செ.மீ.க்கு 1000 என்ற கணக்கில் சுமார் 4350 நியூட்டன். மேற்கு அம்புக்கும் இதற்கும் இடையே பாகைமானி 36 முதல் 37 பாகை வரை காட்டும். பென்சில் கோட்டின் தடிமனே அரை மில்லிமீட்டர் இருக்குமென்பதால் இதற்குமேல் துல்லியம் எதிர்பார்ப்பதில் பொருளில்லை. கம்பம் நடுகிற வேலைக்கு இது தாராளம்.

இணைகரத்தில் இன்னொரு மூலைவிட்டமும் உண்டு. இரண்டு அம்பு நுனிகளையும் இணைப்பது அது. அதை அளந்தால் 14 செ.மீ., அதாவது 7000 நியூட்டன். அவசரத்தில் இதை விடையாக எழுதிவிடுகிறவர்கள் உண்டு. இது கூட்டல் அல்ல, கழித்தல். ஒரு விசையிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் கிடைக்கும் வெக்டர். தொகுபயன் விசை எப்போதும் வால்கள் சேரும் புள்ளியிலேயே தொடங்கவேண்டும்.

வாய்பாட்டை நம்புகிறவர்களுக்கும் இதே 7000 காத்திருக்கிறது. P, Q என்ற இரண்டு விசைகளுக்கு இடையே θ கோணம் இருந்தால் தொகுபயன் R-இன் எண்மதிப்பு:

R² = P² + Q² + 2PQ cos θ

ஆயிரம் நியூட்டனை ஓர் அலகாக வைத்து P = 5, Q = 3, θ = 120° என்று போட்டால் cos 120° = −0.5. எனவே R² = 25 + 9 − 15 = 19. வர்க்கமூலம் 4.359. வரைபடத்தில் கிடைத்ததோடு ஒத்துப்போகிறது. வரைபடத்தில் இருந்த 60 பாகையை அப்படியே போட்டிருந்தாலோ 25 + 9 + 15 = 49, வர்க்கமூலம் 7. பின்னம் இல்லாத முழு எண்! தேர்வு எழுதும் மாணவருக்கு விடை இப்படி அழகாக வந்துவிட்டால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை வந்துவிடும். இங்கே அழகான விடை தப்பு, அழகில்லாத விடைதான் சரி. தவறான மூலைவிட்டத்தை அளந்தவருக்கும் தவறான கோணத்தைப் போட்டவருக்கும் ஒரே எண் கிடைத்தது தற்செயல் அல்ல. 60-ம் 120-ம் சேர்ந்தால் 180 என்பதால் கொசைனின் குறி மட்டும் மாறுகிறது. ஒரு மூலைவிட்டம் மற்றொன்றாகிவிடுகிறது.

கூட்டலா கழித்தலா என்று மனப்பாடம் செய்யாமல் விசையையே கேட்டுவிடலாம். 3000 நியூட்டன் விசை வடகிழக்காக இழுக்கிறது. அதில் பாதி, 1500 நியூட்டன், நேர் கிழக்காகப் போகிறது. மீதிக் கூறு, 2598 நியூட்டன், நேர் வடக்காக. கிழக்காகப் போகும் 1500, மேற்கே இழுக்கும் 5000-க்கு எதிரி. ஆக, மேற்கே எஞ்சுவது 3500. வடக்கே 2598 இழுப்பதைத் தடுக்க வேறு விசை இல்லை. செங்குத்தான இந்த இரண்டுக்கும் பித்தகோரஸ் தேற்றத்தைப் போட்டால் மீண்டும் 4359. தவறான கோணத்தைப் போட்டவர் என்ன செய்திருக்கிறார் என்றும் இதில் தெரிகிறது. எதிரியான 1500-ஐக் கூட்டாளியாக்கி, 3500 வரவேண்டிய இடத்தில் 6500 எழுதியிருக்கிறார்.

விடையைச் சரிபார்க்க இரண்டு விசைகளின் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் இடையே தொகுபயன் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். 5-ம் 3-ம் என்றால் 2-லிருந்து 8 வரை. அந்தச் சோதனை இங்கே கைகொடுக்காது, 4.36-ம் 7-ம் இரண்டும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. இன்னும் கூர்மையான சோதனை ஒன்று உண்டு. விசைகள் செங்குத்தாக இருந்தால் தொகுபயன் √34, அதாவது சுமார் 5.83. கோணம் 90-ஐவிட அதிகமானால் விடை இதைவிடக் குறையவேண்டும், 90-க்குக் கீழே போனால் கூடவேண்டும். நம் கோணம் 120. 7 என்ற விடை அங்கேயே அடிபட்டுப்போகிறது.

இரண்டு விசைகளுக்கு இணைகர விதி ஏன் பொருந்தவேண்டும் என்ற கேள்வி நியாயமானது. சாய்தளத்தில் எடைகள் நிற்பதை ஆராய்ந்த சைமன் ஸ்டெவின் 1586-இல் வெளியிட்ட நூலிலேயே இதன் விதை இருக்கிறது. 1687-இல் நியூட்டன் தன் பிரின்சிப்பியா நூலில் இயக்க விதிகளைச் சொன்ன கையோடு முதல் கிளைத்தேற்றமாக இதை வைத்தார். இரண்டு விசைகள் தனித்தனியே ஒரு பொருளை ஒரே நேரத்தில் இணைகரத்தின் இரண்டு பக்கங்கள் வழியே கொண்டுசெல்லுமானால், இரண்டும் சேரும்போது அதே நேரத்தில் அது மூலைவிட்டம் வழியே போகும் என்பது அவர் வாதம். ஒரு விசை இருப்பதால் இன்னொரு விசையின் வேலை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை என்ற கருத்துதான் அதன் அடிப்படை. அதே ஆண்டில் பிரான்சில் வரிஞோனும் லாமியும் தனித்தனியே இதே விதியை எழுதினார்கள்.

வாதத்தை நம்பாதவர்களுக்குக் கல்லூரி ஆய்வகங்களில் ஒரு பலகை இருக்கிறது. செங்குத்தாக நிறுத்திய பலகை, அதன் மேல் இரண்டு மூலைகளிலும் கப்பிகள், ஒரே முடிச்சில் சேரும் மூன்று நூல்கள். கப்பிகளின் மேல் போகும் நூல்களில் 250 கிராமும் 150 கிராமும், நடுவில் நேராகத் தொங்கும் நூலில் 220 கிராமும் போட்டுப் பாருங்கள். முடிச்சு தானாக ஓரிடத்தில் போய் நிற்கும். பின்னால் ஒட்டிய தாளில் நூல்களின் போக்கைக் குறித்து அளந்தால், மேல் நூல்கள் இரண்டுக்கும் இடையே சுமார் 119 பாகை இருக்கும். நம் முக்கின் கணக்கே சிறிய அளவில் வந்துவிட்டது. ஒன்றில் கவனம் வேண்டும்: முடிச்சைச் சற்று இழுத்துவிட்டால் அது பழைய இடத்துக்கே திரும்பி வரவேண்டும். வேறு இடத்தில் நின்றுகொண்டால் கப்பியின் உராய்வு நூலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த அளவை நம்பக்கூடாது. எண்ணெய் போட்டுவிட்டு மீண்டும் பார்க்கவேண்டும்.

சரி, திசைக்கு வருவோம். எண்மதிப்பைக் கண்டுபிடித்ததோடு கணக்கை மூடிவிடுகிறவர்கள் அதிகம். ஆனால் குழி தோண்டுகிறவருக்கு முதலில் தேவைப்படுவது திசைதான். மேற்குக் கோட்டிலிருந்து தொகுபயன் விலகும் கோணம் α என்றால்:

tan α = Q sin θ / (P + Q cos θ)

நம் எண்களில் இது 2.598 / 3.5 = 0.742; α = 36.6 பாகை. அதாவது கம்பத்தை இழுக்கும் மொத்த விசை மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாக 36.6 பாகை தள்ளி இருக்கிறது. ஸ்டே அதற்கு நேரெதிரே, கிழக்கிலிருந்து தெற்குப் பக்கமாக 36.6 பாகையில் போகவேண்டும்.

கண்ணளவில் செய்கிறவர் இரண்டு லைன்களுக்கும் நடுக்கோட்டைப் பிடித்து அதற்கு எதிரே குழி வெட்டிவிடுவார். இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் ஒரே வகை ஒயர் ஒரே இறுக்கத்தில் இருந்தால் அது சரியான முறைதான். இங்கே சரியில்லை. நடுக்கோடு 60 பாகையில் இருக்கிறது, தொகுபயனோ 36.6-இல். நடுக்கோட்டுக்கு எதிரே போட்ட ஸ்டே 4000 நியூட்டனைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஸ்டேவுக்குக் குறுக்காக 1732 நியூட்டன் பிடிப்பாரில்லாமல் மிஞ்சும். அது ஐந்து ஒயர் இருக்கிற பக்கமாக இழுக்கும். மண் இறுகியிருக்கும் வரை கம்பம் தாங்கும். நல்ல மழையில் அடிமண் இளகினால் சாய ஆரம்பிக்கும். ஸ்டே இருந்தும் கம்பம் பக்கவாட்டில் சாய்ந்திருந்தால், ஸ்டே தளர்ந்துவிட்டதா என்று பார்ப்பதோடு அது இருக்கும் திசையையும் பார்க்கவேண்டும். பெரிய திருப்பங்களில் ஒவ்வொரு லைனுக்கும் நேரெதிரே ஒன்றாக இரண்டு ஸ்டே போடும் வழக்கம் உண்டு. அப்போது இந்தக் கூட்டலே தேவைப்படாது. ஒவ்வொரு ஸ்டேவும் தன் லைனைத் தானே பார்த்துக்கொள்ளும்.

கால்குலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. திசைக் கோணத்தைச் சிறிய விசையின் பக்கமிருந்து அளக்க நினைத்தால், விரிகோணங்களில் கீழே உள்ள எண் எதிர்மறையாகிவிடலாம். இதே 3-ம் 5-ம் 150 பாகையில் இருந்தால், 3-இன் பக்கமிருந்து கணக்கிடும்போது 2.5 / (−1.33) வரும். கால்குலேட்டர் −62 பாகை என்று காட்டும். உண்மையான கோணம் அதோடு 180-ஐக் கூட்டிய 118 பாகை. பெரிய விசையின் பக்கமிருந்தே அளந்தால் இந்தத் தொல்லை வராது. தொகுபயன் எப்போதும் பெரிய விசையை ஒட்டித்தான் சாய்ந்திருக்கும் என்பதும் ஒரு சோதனை.

இதுவரை எல்லாம் மேலிருந்து பார்த்த படம். ஸ்டே தரையில் கிடக்கவில்லை, சாய்ந்து இறங்குகிறது. தரையோடு 45 பாகையில் இறங்கி, ஒயர்கள் இருக்கும் உயரத்திலேயே கம்பத்தோடு கட்டப்பட்டிருந்தால், கிடைமட்டமாக 4359 நியூட்டன் கொடுக்க அது தன் நீளவாக்கில் சுமார் 6160 நியூட்டன் தாங்கவேண்டும். எஞ்சிய கூறு கம்பத்தைக் கீழ்நோக்கி அழுத்தும். இடம் இல்லை என்று கம்பத்துக்குப் பக்கத்திலேயே செங்குத்தாக இறக்கிவிட்டால், 60 பாகைச் சாய்வில் அதே வேலைக்கு 8718 நியூட்டன் தேவைப்படும். இடத்தைச் சிக்கனம் பிடித்தால் கம்பியையும் அதன் அடியில் இருக்கும் நங்கூரத்தையும் பலமாகப் போடவேண்டியிருக்கும். குளிரில் ஒயர் சுருங்கி இறுகும்போதும், காற்று அடிக்கும்போதும் விசை கூடும் என்பதால் எதையும் கணக்கு சொல்லும் எல்லையிலேயே நிறுத்துவதில்லை. அதற்கு மேலே வைத்துத்தான் போடுவார்கள்.

பாகைமானியும் கொசைனும் இல்லாமல், களத்தில் நின்றபடியே இந்த இணைகரத்தைத் தரையில் போட்டுவிடலாம். இணைகரத்தின் இரண்டு மூலைவிட்டங்களும் ஒன்றையொன்று சரிபாதியாக வெட்டும் என்ற பள்ளி வடிவியல் போதும். கம்பத்தின் அடியிலிருந்து ஐந்து ஒயர் லைனுக்கு நேர்கீழே 5 மீட்டர் அளந்து ஒரு முளை அடியுங்கள். மூன்று ஒயர் லைனுக்கு நேர்கீழே 3 மீட்டர் அளந்து இன்னொரு முளை. இரண்டு முளைகளுக்கும் இடையே கயிறு கட்டினால் அதன் நீளம் 7 மீட்டர் வரும். நாம் வேண்டாம் என்று தள்ளிய அந்த மூலைவிட்டம்தான் அது. கயிற்றின் நடுவை, 3.5 மீட்டரில், கண்டுபிடித்துக் குச்சி நடுங்கள். அங்கிருந்து கம்பத்துக்கு 2.18 மீட்டர் இருக்கும். அதை இரண்டால் பெருக்கி, மீட்டருக்கு 1000 நியூட்டன் என்று வைத்தால் 4360. குச்சியிலிருந்து கம்பத்தைத் தொட்டுக்கொண்டு நேராக அந்தப்பக்கம் கயிறைப் பிடித்துப் போனால், குழி எந்தக் கோட்டில் வரவேண்டும் என்பது தெரிந்துவிடும்.